ஆற்றைக் கடக்க இரண்டே வழி

நம் ஊர்களில் புலி, ஆடு, புல்லுக்கட்டு என்று போடப்படும் புதிர், ஐரோப்பாவில் ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ். 8-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யார்க் நகரத்து அறிஞர் அல்குயின் தொகுத்ததாகக் கருதப்படும் லத்தீன் கணக்கு நூலில் இது 18-ஆவது கணக்கு. படகில் படகோட்டியோடு இன்னொன்றுக்குத்தான் இடம். அவன் இல்லாத கரையில் ஓநாய் ஆட்டைத் தின்றுவிடும், ஆடு கோஸைத் தின்றுவிடும்.

அந்த நூல் சொல்வது ஒரே விடைதான். இன்னும் எத்தனை உண்டு, அவ்வளவுதான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

முதலில், யார் எந்தக் கரையில் என்பதை ஒரு ‘நிலை’ என்று கொள்ளலாம். படகோட்டியையும் சேர்த்தால் நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு கரை. மொத்தம் 16 நிலைகள். படகோட்டியை விட்டுவிட்டு எண்ணுவது பலருக்கும் நேரும் பிழை. ‘ஓநாயும் ஆடும் இக்கரையில்’ என்று மட்டும் எழுதினால், அது ஆபத்தா இல்லையா என்றே தெரியாது.

இனி ஆபத்தானவற்றை அடித்துவிடலாம். படகோட்டி இக்கரையில் இருக்கும்போது அக்கரையில் ஓநாயும் ஆடும், ஆடும் கோஸும், அல்லது மூன்றுமே இருக்கக்கூடாது. அவன் அக்கரையில் இருந்தால் இதேபோல் இன்னொரு மூன்று. 16-இல் 6 போக மிஞ்சுவது 10.

இந்தப் பத்தையும் தாளில் புள்ளிகளாக வைத்து, ஒரே படகுப் பயணத்தில் மாறக்கூடிய இரண்டிரண்டு நிலைகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து ஒரே கோடுதான் புறப்படும்: ஆட்டை அக்கரை சேர்ப்பது. பிறகு வெறும் படகில் திரும்ப வேண்டும். இங்கேதான் வழி பிரிகிறது. ஓநாயை அக்கரையில் விட்டு, ஆட்டைத் திரும்ப அழைத்துவந்து இறக்கி, கோஸைக் கொண்டுபோகலாம். அல்குயின் நூலின் விடை இது. கோஸை முதலில் கொண்டுபோய், ஆட்டை மீட்டு வந்து, ஓநாயை ஏற்றிச் செல்வது மற்றொன்று. இரண்டும் ஒரே நிலையில் வந்து சேர்கின்றன: ஆடு மட்டும் இக்கரையில், மற்றவர்கள் அக்கரையில். மறுபடி வெறும் படகில் வந்து ஆட்டை ஏற்றினால், எந்த வழியானாலும் 7 பயணம்.

வரைந்த படத்தைப் பார்த்தால் உண்மை பளிச்சென்று தெரிகிறது. ஆறு புள்ளிகள் வளையமாக நிற்க, அதன் எதிரெதிர் முனைகளில் இரண்டிரண்டு புள்ளிகள் வால் போல நீள்கின்றன. வளையத்தைக் கடக்க வலப்பக்கம், இடப்பக்கம் இரண்டுதான். ஆகவே எந்த நிலைக்கும் மறுபடி போகாத விடைகள் இரண்டே. மறுபடி போகலாம் என்றால் விடைகளுக்கு முடிவே இல்லை. வளையத்தை ஒரு முழுச் சுற்று கூடுதலாகச் சுற்றினால் 13 பயணம் ஆகும்.

இதைக் கணினிக்கு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சுற்றிச் சுற்றி வராதிருக்க, பார்த்த நிலைகளைக் குறித்துவைப்பார்கள். அந்தக் குறிப்பை எல்லா வழிகளுக்கும் பொதுவாக வைத்தால், இரண்டு வழிகளும் கூடும் நிலையை முதல் வழி குறித்துவிட்டுப் போயிருக்கும். இரண்டாம் வழி அங்கே வந்ததும் தடுக்கப்படும், நிரல் ஒரே விடையோடு நின்றுவிடும். ஒரு வழியைத் தேடி முடித்துப் பின்னோக்கி வரும்போது, விட்டு விலகும் ஒவ்வொரு நிலையின் குறியையும் அழித்துக்கொண்டே வந்தால் இரண்டும் கிடைக்கும்.