சூப்பைக் கெட்டியாக்குவது எது?

தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டைப் பகுதிகளில் தக்காளிக்குப் பஞ்சமில்லை. ஆயினும் ஓசூர் உணவகத்தில் பருகிய தக்காளிச் சூப்பின் கெட்டித்தன்மை வீட்டில் வரவில்லையே என்று சகோதரிகள் குறைபடுவதுண்டு. அக்கெட்டித்தன்மை தக்காளியால் வருவதன்று. பின்னர் சேர்க்கும் பொருளால் வருவது. கிண்ணத்தின் கலோரியையும் பெரும்பாலும் அப்பொருளே நிர்ணயிக்கிறது.

அரைக் கிலோ தக்காளி, 100 கிராம் வெங்காயம், இரண்டு தேக்கரண்டி வெண்ணெய் கொண்டு நால்வருக்குச் சூப் வைப்பதாகக் கொள்ளுங்கள். எதுவும் சேர்க்காத நிலையில் கிண்ணத்துக்கு ஏறத்தாழ 50 கலோரி.

உணவகங்கள் பெரிதும் நாடுவது கார்ன்ஃப்ளார். இது மக்காச்சோளத்தை அரைத்த மஞ்சள் மாவன்று. அதிலிருந்து பிரித்த வெள்ளை மாவுச்சத்து. நால்வருக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும். கிண்ணத்துக்கு 15 கலோரியே கூடும்; ஆனால் மாவுச்சத்தன்றி வேறு சத்து இல்லை. குளிர்ந்த நீரில் கரைத்துக் கொதிக்கும் சூப்பில் ஊற்றி, இரண்டு நிமிடம் கிளற வேண்டும். நேரே தூவினால் கட்டி தட்டும். போதிய அளவு வேகாவிடில் பச்சை மாவின் வாடை காட்டிக்கொடுத்துவிடும். ருசி பார்த்த கரண்டியை ஆறிய சூப்பில் மீண்டும் இட்டால், உமிழ்நீர் மாவுச்சத்தைச் சிதைத்துச் சூப்பை நீர்க்கச் செய்யும்.

அடுத்தது கிரீம். 25 சதவீதக் கொழுப்புள்ள கிரீம் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் ஒரு கிண்ணத்தில் 75 கலோரி கூடி, மொத்தம் 125 ஆகிறது. தக்காளியின் புளிப்பில் கிரீம் கொதித்தால் திரிந்து, வெண்மையான துகள்களாகப் பிரியும். எனவே அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே கலக்க வேண்டும்.

மூன்றாவது மைசூர்ப் பருப்பு. துருக்கியிலும் அரபு நாடுகளிலும் நோன்பு திறக்கும் விரிப்பில் பருப்புச் சூப் இடம்பெறுவது வழக்கம். நால்வருக்கு 80 கிராம் பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துத் தக்காளியுடன் குக்கரில் குழைய வேகவைத்து, கடைந்து வடிகட்டுங்கள். பருப்பு அடியில் தங்கி, மேலே நீர் தெளிந்து நின்றால் இன்னும் வேகவில்லை என்று பொருள். ஆறினால் மேலும் கெட்டியாகும். வெந்நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். இதில் கிண்ணத்துக்கு 70 கலோரி கூடி, மொத்தம் 120 ஆகும்.

கிரீமுக்கும் பருப்புக்கும் கலோரி ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனியுங்கள். வேறுபாடு அக்கலோரி வரும் வழியில் உள்ளது. கிரீமில் பெரும்பகுதி கொழுப்பு. பருப்பிலோ கிண்ணத்துக்கு 5 கிராம் புரதமும், அதனுடன் நார்ச்சத்தும் உண்டு. உணவுக்கு முன் சிறிது பருக, எடை குறைக்க விரும்புவோருக்குக் கார்ன்ஃப்ளார் பொருந்தும். பகலெல்லாம் நோன்பிருந்தவருக்கும் இரவில் சூப்பையே உணவாகக் கொள்ளும் முதியவருக்கும் பருப்பே ஏற்றது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்வது நலம்.