குறைத்த வட்டி ஏன் ஏறியது?

2020 டிசம்பர் இறுதியில் இலங்கை அரசு மூன்று மாதத்துக்குக் கடன் வாங்கியபோது, ஆண்டுக்கு 4.7 சதவீத வட்டி கொடுத்தால் போதுமாக இருந்தது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து அதே மூன்று மாதக் கடனுக்கு 32.6 சதவீதம் கொடுக்க வேண்டி வந்தது. இடையில் ரூபாய்க்குத் தட்டுப்பாடு ஏற்பட்டுவிடவில்லை. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் மத்திய வங்கி புதுப் பணத்தைத் தொடர்ந்து உருவாக்கிக்கொண்டே இருந்தது.

பணம் பெருகினால் வட்டி குறையும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் முதல் சில மாதங்களுக்கு மட்டுமே பொருந்தும் உண்மை. பணம் பெருகியதும் மூன்று விசைகள் வட்டியின் மேல் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஒன்று வட்டியைக் கீழே இழுக்கிறது, மற்ற இரண்டும் மேலே தள்ளுகின்றன. மூன்றும் ஒரே நேரத்தில் வருவதில்லை. இலங்கையின் 2020 முதல் 2022 வரையான கணக்கைப் பிரித்துப் பார்த்தால், எது எப்போது வந்தது என்பது தெளிவாகத் தெரிகிறது.

தொடக்கம் 2019 இறுதியில். அரசு வரிகளைப் பெருமளவில் குறைத்தது. மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமானது. அடுத்த சில மாதங்களில் கொரோனா வந்தது. வரி வருமானம் சரிந்தது, வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழியும் அடைபட்டது. செலவுக்குப் பணம் வேண்டும். மிஞ்சியிருந்த பெரிய வாசல் மத்திய வங்கிதான்.

அந்த வாசல் திறக்கும் இடம், புதன்கிழமைதோறும் நடக்கும் திறைசேரி உண்டியல் ஏலம். திறைசேரி உண்டியல் என்பது அரசு எழுதித் தரும் குறுகிய காலக் கடன் பத்திரம். 91 நாளில் 100 ரூபாய் தருவதாக அரசு வாக்களிக்கிறது. அதை இன்று என்ன விலைக்கு வாங்கலாம் என்று வங்கிகள் கேட்கின்றன. வட்டி 4.7 சதவீதம் என்றால் விலை 98 ரூபாய் 84 காசு. 32.6 சதவீதம் என்றால் 92 ரூபாய் 48 காசு. வங்கிகள் வாங்காமல் விட்ட உண்டியல்களை மத்திய வங்கி வாங்கியது. அதற்கான பணத்தை அது யாரிடமிருந்தும் திரட்டவில்லை. தன் கணக்கேட்டில் ஒரு வரியை எழுதி உருவாக்கியது. அரசு அதைச் சம்பளமாகவும் பில்லாகவும் செலவழித்ததும், பெற்றவர்களின் வங்கிக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மத்திய வங்கியின் கையில் இருந்த அரசுப் பத்திரங்கள் 2019 இறுதியில் 10,000 கோடி ரூபாய்க்கும் குறைவு. 2021 இறுதியில் அது ஏறத்தாழ 1.4 லட்சம் கோடி ரூபாய்.

முதல் விசை உடனே வேலை செய்தது. வங்கிகளிடம் ரூபாய் குவிந்தது. வங்கிகள் மத்திய வங்கியில் கட்டாயம் வைக்க வேண்டிய இருப்பின் விகிதமும் 5 சதவீதத்திலிருந்து, ஜூன் மாதத்துக்குள் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. கையில் சும்மா கிடக்கும் பணத்தால் வங்கிக்கு லாபம் இல்லை. அதனால் ஒன்றுக்கொன்று போட்டி போட்டு உண்டியல்களையும் பத்திரங்களையும் கேட்டன. விலை ஏறியது, வட்டி இறங்கியது. 2019 இறுதியில் 7.5 சதவீதமாக இருந்த 91 நாள் வட்டி, ஓராண்டில் 4.7 ஆனது அப்படித்தான். இதைப் பொருளியலில் பணப்புழக்க விளைவு என்கிறார்கள். மற்ற எதுவும் மாறாதவரை, அதாவது மக்களின் வருமானமும் விலைவாசியும் பழைய இடத்திலேயே இருக்கும்வரை, இது முழு வலுவோடு நிற்கும்.

ஆனால் அவை பழைய இடத்தில் நிற்பதில்லை. 2020இல் விரிந்த பண நிரம்பல் ஓராண்டில் ஏறத்தாழ 23 சதவீதம் வளர்ந்தது. பொதுமுடக்கம் தளர்ந்ததும் அந்தப் பணம் கடைக்கு வந்தது. 2021இல் தனியார் துறைக் கடன் வளர்ந்தது; சுமார் 1,600 கோடி டாலராக இருந்த இறக்குமதி 2,000 கோடி டாலரைத் தாண்டியது. வியாபாரம் நடந்தால் கையிருப்பு ரொக்கம் கூடுதலாக வேண்டும், சரக்கு எடுக்கக் கடன் வேண்டும். பணத்துக்கான தேவை ஏறினால் அதன் விலையான வட்டியும் ஏறத் தொடங்கும். இது வருமான விளைவு. கூலியும் செலவும் கடனும் மாற மாதங்கள் பிடிக்கும் என்பதால் இது பின்னால்தான் வருகிறது.

இதன் கூடவே இன்னொன்றும் நடக்கிறது. அரிசியும் பருப்பும் விலை ஏறிவிட்டால், அதே கூடையை நிரப்ப அதிகப் பணம் தேவை. அதுவும் பணத்துக்கான தேவையைக் கூட்டும். இதை விலைமட்ட விளைவு என்று சில பாடநூல்கள் தனியாகக் கணக்கிடுகின்றன. விலை ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டாலும் இந்த விளைவு நீடிக்கும்.

மூன்றாவது விசைக்கு ஏறிய விலை முக்கியமில்லை. இனி ஏறப்போகும் விலைதான் முக்கியம். 2021 இறுதியில் இலங்கையின் சராசரி வைப்பு வட்டி 5 சதவீதத்தை ஒட்டியிருந்தது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியோ டிசம்பரில் 12.1 சதவீத ஏற்றத்தைக் காட்டியது. அதே வேகம் நீடிக்கும் என்று நினைக்கும் ஒருவர் ஒரு லட்சம் ரூபாயை வங்கியில் போட்டால், ஆண்டு முடிவில் 1,05,000 ரூபாய் கிடைக்கும். ஆனால் அதன் வாங்கும் சக்தி இன்றைய 93,666 ரூபாய்தான். சேமித்ததற்குத் தண்டனையாக 6,334 ரூபாய் போகிறது. இந்தக் கணக்கு புரிந்தவர் பணத்தை வைப்பில் போடத் தயங்குவார், டாலரோ நிலமோ பழைய வாகனமோ தேடுவார். கடன் கொடுப்பவர் விலையேற்றத்தையும் சேர்த்தே வட்டி கேட்பார். கடன் வாங்குபவரும் கொடுக்க இசைவார், ஏனென்றால் திருப்பித் தரப்போவது மதிப்புக் குறைந்த ரூபாய். இப்படி எதிர்பார்க்கும் பணவீக்கம் வட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. விலைமட்ட விளைவைப் போல் அல்லாமல், விலை தொடர்ந்து ஏறும் என்ற நம்பிக்கை இருக்கும்வரை மட்டுமே இது நிற்கும்.

இலங்கையில் இந்த மூன்றாவது விசை வெளியே தெரியாதபடி சில காலம் மூடி வைக்கப்பட்டது. இதற்கு மேல் வட்டி கேட்டால் ஏற்க மாட்டோம் என்று ஏலத்துக்கு முன்பே உச்சவரம்பு அறிவிக்கப்பட்டது. வரம்பு வட்டியை ஏறவிடவில்லை; ஆனால் அந்த வட்டிக்குக் கடன் கொடுக்க யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியவில்லை. ஏலத்தில் விற்காமல் மிஞ்சிய உண்டியல்கள் பெருகின, அவற்றை மத்திய வங்கியே வாங்கியது, அதனால் இன்னும் பணம் பிறந்தது. வட்டி அட்டவணையில் தெரியாத நோய் விற்பனை அட்டவணையில் தெரிந்தது. 2021 செப்டம்பரில் வரம்பு நீக்கப்பட்டதும் வட்டி மேலே நகர்ந்தது. ஆண்டு இறுதியில் 91 நாள் வட்டி 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது.

காலக்கணக்கைப் பற்றித் தெளிவாகப் பேசியவர்களில் முக்கியமானவர் மில்டன் ஃபிரீட்மன். 1967 டிசம்பரில் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவராக அவர் ஆற்றிய உரையில் ஒரு மதிப்பீடு சொன்னார். பணம் பெருகியதும் வட்டி இறங்கும். ஓராண்டுக்குள்ளாகவே எதிர்விசைகள் அந்த இறக்கத்தைத் திருப்பத் தொடங்கும். ஓரிரு ஆண்டுகளில் வட்டி பழைய மட்டத்துக்குத் திரும்பும். பணவீக்க எதிர்பார்ப்பு முழுமையாக வட்டியில் ஏறுவதற்கு இன்னும் வெகுகாலம் ஆகும், பல பத்தாண்டுகள்கூட ஆகலாம் என்றார். பணம் வேகமாகப் பெருகிய பிரேசிலிலும் சிலியிலும் வட்டி உயர்ந்திருந்ததையும், மெதுவாகப் பெருகிய சுவிட்சர்லாந்தில் தாழ்ந்திருந்ததையும் சுட்டிக்காட்டினார்.

இலங்கையில் முதல் பாதி அவர் சொன்னபடியே நடந்தது. 2020 ஜூலையில் கொள்கை வட்டி கடைசியாகக் குறைக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் மத்திய வங்கியே அதை உயர்த்தத் தொடங்கியது. இரண்டாம் பாதி மட்டும் அவர் கணக்கைவிடப் பன்மடங்கு வேகமாக வந்தது. விலை நெடுங்காலம் நிலையாக இருந்த நாட்டில் மக்கள் எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ள ஆண்டுக்கணக்காகும். அந்நியச் செலாவணி கையிருப்பு 2019 இறுதியின் 760 கோடி டாலரிலிருந்து 2021 இறுதியில் சுமார் 310 கோடி டாலராகக் கரைவதைப் பத்திரிகையில் படிக்கும் மக்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. எதிர்பார்ப்பு வேகமாக மாறும் இடத்தில் பணப்புழக்க விளைவின் ஆயுள் சுருங்கிவிடுகிறது. அது மிகவும் சுருங்கினால், பணம் கூடியதும் வட்டி இறங்காமலேயே ஏறவும் கூடும்.

2022 மார்ச்சில் ரூபாயின் மதிப்பைக் கட்டி வைத்திருந்த பிடி தளர்ந்தது. ஏப்ரல் 8ஆம் தேதி, புதிய ஆளுநர் நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்றதும், கொள்கை வட்டி ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தப்பட்டது. செப்டம்பரில் விலையேற்றம் 69.8 சதவீதத்தைத் தொட்டது.

அந்த 32.6 சதவீத வட்டி முழுவதையும் பணவீக்க எதிர்பார்ப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஏப்ரல் 12ஆம் தேதி அரசு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று அறிவித்தது. உள்நாட்டுக் கடனையும் வெட்டுவார்களோ என்ற அச்சம் வட்டியில் தனியாகச் சேர்ந்தது. கொள்கை வட்டி 15.5 சதவீதமாக இருந்தபோதே உண்டியல் வட்டி அதைப்போல் இரண்டு மடங்கு இருந்ததற்கு அதுவே பெரிய காரணம். விலையேற்றத்துக்கும் பணம் மட்டும் காரணமல்ல: 2021இல் வந்த இரசாயன உரத் தடை விளைச்சலைக் குறைத்தது, உலக எரிபொருள் விலை ஏறியது, ரூபாய் சரிந்தது. பணப்பெருக்கம் இவை எல்லாவற்றுக்கும் கீழே ஓடிய நீரோட்டம்.

மூன்று விசைகளும் எதிர்த்திசையிலும் அதே வரிசையில் வேலை செய்கின்றன என்பதை அடுத்த இரண்டு ஆண்டுகள் காட்டின. பணத்தை இறுக்கியபோது முதலில் வட்டி உயர்ந்தது. பிறகு வியாபாரம் சுருங்கியது, கடன் கேட்பவர்கள் குறைந்தார்கள். அதன்பின் விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பு அடங்கியது. 2023 செப்டம்பரில் விலையேற்றம் 1.3 சதவீதமாக இறங்கியது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளின் உண்டியல்கள் தப்பியதால் அந்த அச்சமும் விலகியது. 91 நாள் வட்டி 2023 இறுதியில் 14.5 சதவீதம், 2024 இறுதியில் 9 சதவீதத்துக்கும் கீழே.

ஆகவே வட்டியின் அளவை மட்டும் பார்த்து, பணம் தாராளமாக இருக்கிறதா இறுக்கமாக இருக்கிறதா என்று சொல்ல முடியாது. விலையேற்றத்தைக் கழித்துவிட்டு மிஞ்சும் உண்மை வட்டி எவ்வளவு, ஏலத்துக்கு வந்த உண்டியலில் எவ்வளவு விற்றது, விற்காததை வாங்கியது யார் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு இலங்கை இப்போது சட்டத்திலேயே விடை எழுதியிருக்கிறது. 2023 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய மத்திய வங்கிச் சட்டம், அரசின் உண்டியல்களை ஏலத்தில் நேரடியாக வாங்கும் பழக்கத்துக்குத் தடை போட்டிருக்கிறது.