முதலில் மைதானத்தை அளந்துவிடுங்கள்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் கும்பாபிஷேகத்தில் பார்க்கிங் சிக்கலுக்குத் தனிக் குணம் உண்டு. கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரம் முன்பே குறிக்கப்பட்டது. அதனால் எல்லா வண்டிகளும் அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வருகின்றன. ஊற்றி முடிந்ததும் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒரு வண்டி போன இடத்தில் இன்னொன்று நிற்க வாய்ப்பே இல்லை. இருக்கும் இடத்துக்கு மேல் ஒரு பாஸ் கொடுத்தாலும் அந்த வண்டி தெருவில்தான் நிற்கும்.

ஆகவே பாஸ் அச்சடிக்கும் முன் மைதானத்தை அளக்க வேண்டும். கோயிலுக்குப் பக்கத்தில் 100 மீட்டர் நீளமும் 60 மீட்டர் அகலமும் கொண்ட பள்ளி மைதானம் ஒன்று கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 சதுர மீட்டர். கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் போதும். ஆனால் அது உள்ளே வந்து திரும்பி வெளியேறவும் வழி வேண்டுமே! அதையும் சேர்த்துத் திறந்தவெளியில் ஒரு காருக்கு 23 சதுர மீட்டர் என்பதுதான் நகரமைப்புத் துறையினர் வைத்திருக்கும் கணக்கு.

மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க ஆறு மீட்டர் அகலத்தை முதியோர் பாதைக்கு ஒதுக்கிவிட்டால் மீதி 5,400 சதுர மீட்டர். அதில் 234 கார் நிற்கும். ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி வந்து போகும் வழிக்கும், மழை பெய்தால் சேறாகும் மூலைக்கும் கொஞ்சம் கழித்துவிட்டு 210 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 210 கார் இடத்தை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதுதான் விழாக் குழுவின் உண்மையான முடிவு. ஒரு கார் நிற்கும் இடத்தில் நான்கு டூவீலர் நிற்கும். ஒரு பஸ்ஸுக்கு மூன்று கார் இடமும், டூரிஸ்ட் வேனுக்கு ஒன்றரை கார் இடமும் வேண்டும். மூன்று காரில் பன்னிரண்டு பேர் வருவார்கள். அதே இடத்தில் நிற்கும் பஸ்ஸில் நாற்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். அதனால் கிராமங்களிலிருந்து வரும் 5 பஸ், 10 வேன் ஆகியவற்றுக்கு முதலில் கொடுத்துவிட வேண்டும். அது 30 கார் இடம். அடுத்து 280 டூவீலர்; அது 70 இடம். மீதி 110தான் காருக்கு. பாதிக்கு மேல் இடத்தை எடுத்துக்கொள்ளும் 110 கார்களில் ஏறக்குறைய 440 பேர் வருகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு இடத்தில் நிற்கும் டூவீலர்களில் 560 பேர் வந்துவிடுகிறார்கள். கார் பாஸ் கேட்டு வரும் உபயதாரருக்குக் காட்ட வேண்டிய கணக்கு இதுதான்.

முதியோர் பாதையில் கணக்கே வேறு. அங்கே இடத்தைவிட நேரம்தான் முக்கியம். ஆறு மீட்டரில் பாதி வண்டி நின்று ஆள் இறங்குவதற்கு. மறுபாதி, இறக்கிவிட்ட வண்டி முன்னால் நிற்பதைத் தாண்டிப் போவதற்கு. ஒரே நேரத்தில் பத்து வண்டிகள் நிற்கலாம். கைத்தடியை எடுத்து, செருப்பைத் தேடி, கையைப் பிடித்து இறங்க ஐந்து நிமிடம் ஆகும். அப்படியானால் மணிக்கு 120 வண்டிகள். ஐந்து ஓட்டுநர்கள் வண்டியை அங்கேயே பூட்டிவிட்டுத் தரிசனத்துக்குப் போனால் 60 ஆகிவிடும். எனவே முதியோர் பாஸில் 'இறக்கிவிட மட்டும். ஓட்டுநர் இறங்கக் கூடாது' என்று பெரிதாக அச்சிட வேண்டும். ஆட்டோவில் வரும் பாட்டிக்கும் இந்தப் பாதை திறந்திருக்க வேண்டும். சலுகை அறுபது வயது தாண்டியவருக்குத்தானே தவிர, வண்டிக்கு அல்ல.

திரும்பும்போதுதான் பெரும்பாலும் இந்த ஏற்பாடு உடைகிறது. பெரியவர் வெயிலில் நிற்பார். மகன் ஓட்டும் கார் மைதானத்தின் கடைசி வரிசையில் மாட்டிக்கொண்டிருக்கும். 110 கார் பாஸில் 40 முதியோர் பாஸ் என்றால், அந்த 40 கார்களையும் வெளியேறும் வாசலை ஒட்டிய வரிசையிலேயே நிறுத்த வேண்டும். பாதை ஓரம் பந்தல் போட்டு நாற்காலி வைத்து, பாஸ் எண்ணை மைக்கில் அழைத்தால் கார் உடனே வந்து ஏற்றிக்கொள்ளும்.

பாஸில் வண்டி எண்ணை மையில் எழுதி முத்திரை குத்த வேண்டும். எண் இல்லாத பாஸ் ஜெராக்ஸ் கடையில் பெருகிவிடும். வண்டி வகைக்கு ஒரு நிறம் இருந்தாலும் இருட்டில் நிறம் தெரியாது. கார் என்றால் 'கா', வேன் என்றால் 'வே' என்று உள்ளங்கை அளவு எழுத்தும் வேண்டும். மைதான வாசலில் பாஸைச் சோதித்தால், பாஸ் இல்லாத ஒரு கார் திரும்ப முடியாமல் பின்னால் வரும் அத்தனை வண்டிகளையும் நிறுத்திவிடும். அதற்கு முந்தைய முச்சந்தியிலேயே சோதித்தால் அது நேராக வேறு வழியில் போய்விடும். அந்த வழி ஊர் எல்லையில் இன்னொரு மைதானத்துக்கும், அங்கிருந்து கோயிலுக்கு ஓடும் மினி பஸ்ஸுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்த ஏற்பாடு இருந்தால்தான், 110 பாஸ் முடிந்ததும் குழுவால் இல்லையென்று சொல்ல முடியும்.