படமின்றிப் பூச்சியை உணர்த்தல்

புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் தேசியப் பயறுவகை ஆராய்ச்சி மையம் உள்ளது. அப்பக்கத்து உழவர் ஒருவர் தம் உளுந்துச் செடியில் கண்ட பூச்சியைக் கைப்பேசியில் படம் எடுத்தார் என்று கொள்வோம். படம் அழிந்துவிட்டது. வல்லுநரிடம் அவர், "வெள்ளையாக ஒரு சிறு பூச்சி" என்று மட்டும் கூறினால் போதாது. வெள்ளை ஈயும் வெள்ளை; மாவுப்பூச்சியும் வெள்ளையே.

உடலை முதலில் கூறவேண்டும். மாவுப்பூச்சியின் உடல் தட்டையான நீள்வட்டம். அதன்மேல் மாவு தூவியதுபோல் மெழுகு படிந்திருக்கும். வெள்ளை ஈயின் உடலோ மஞ்சள் நிறமானது. வெண்மை சிறகுகளுக்கே உரியது. அச்சிறகுகள் குடிசைக் கூரைபோல் உடலின்மேல் சாய்ந்திருக்கும். ஈ எனப் பெயர் பெற்றாலும் இதற்குச் சிறகுகள் நான்கு. வீட்டு ஈக்கு இரண்டே. செடியை மெல்ல அசைத்தால் வெள்ளை ஈக்கள் கூட்டமாக எழும்பும். மாவுப்பூச்சியில் பெண்ணுக்குச் சிறகே இல்லை. அது மெல்ல ஊரும்.

கால்கள் இரண்டிற்கும் ஆறு. எட்டு இருப்பின் அது பூச்சியன்று, சிலந்தியினத்துச் சிற்றுயிர் எனலாம். அளவுகோல் இல்லாதவர் கடுகோடு ஒப்பிடலாம். வெள்ளை ஈ சுமார் 1 மில்லிமீட்டர், சிறு கடுகளவு. வளர்ந்த மாவுப்பூச்சி அதனினும் இரண்டு மூன்று மடங்கு பெரிது.

"கடுகளவு, கூரைச் சிறகு, அசைத்தால் பறந்தது" என்று உழவர் கூறினால், வல்லுநர் வெள்ளை ஈயை ஐயுறுவார். உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைப் பரப்புவது அதுவே. நோயுற்ற செடி தேறாது; இலையில் மஞ்சள் திட்டுகள் தோன்றியதுமே அதனைப் பிடுங்கிவிடவேண்டும். ஆயினும் வெள்ளை ஈயின் குஞ்சுகள் சிறகின்றி இலையின் அடியில் அசையாது ஒட்டியிருக்கும். அவற்றைச் சொல்லால் உணர்த்துதல் அரிது. அவ்விலையையே கொண்டு சென்று காட்டுதல் வேண்டும்.