ஒரே செடி, மூன்று வடிவம்... கஞ்சாவின் வீரியம் ஏன் இவ்வளவு மாறுகிறது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், போல்டர் நகரம். ஒரு வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நிற்கிறது. உள்ளே ரத்தம் எடுக்கும் வசதியும், ஞாபக சக்தியையும் உடல் சமநிலையையும் சோதிக்கும் கருவிகளும் இருக்கின்றன. வீட்டுக்காரர் வேனுக்கு வந்து ரத்தம் கொடுக்கிறார், சோதனைகளைச் செய்து முடிக்கிறார். பிறகு வீட்டுக்குள் போய், தான் வாங்கி வைத்திருக்கும் கஞ்சாவை வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு மறுபடியும் வேனுக்கு வருகிறார். உடனே ஒரு பரிசோதனை. ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று.

இது கொலராடோ பல்கலைக்கழகத்தின் நடமாடும் ஆய்வுக்கூடம். கொலராடோவில் 2014 ஜனவரி முதல் பெரியவர்களுக்குக் கடையிலேயே கஞ்சா விற்கிறார்கள். ஆனால், அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி அது இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள்தான். கடையில் விற்கும் வீரியமான சரக்கைப் பல்கலைக்கழகம் வளாகத்துக்குள் கொண்டுவந்து ஆராய முடியாது. அதனால், ஆய்வுக்கூடமே வீட்டு வாசலுக்குப் போனது.

ஆய்வில் பங்கேற்ற 121 பேருமே கஞ்சா பழக்கம் உள்ளவர்கள். ஒரு பிரிவினர் கஞ்சாப் பூவைப் புகைப்பவர்கள். இன்னொரு பிரிவினர் பூவிலிருந்து பிரித்தெடுத்த செறிவான சாற்றைப் பயன்படுத்துபவர்கள். பூவில் போதைப்பொருளின் அளவு 16 அல்லது 24 சதவீதம். சாற்றில் 70 அல்லது 90 சதவீதம். 2020-ல் வெளியான முடிவு ஆராய்ச்சியாளர்களையே யோசிக்கவைத்தது. அந்த முடிவுக்குப் போவதற்குமுன், ஒரே செடியில் இந்த சதவீதம் எப்படி இவ்வளவு மாறுகிறது என்று பார்த்துவிடலாம்.

பிசினில் இருக்கிறது ரகசியம்

கஞ்சாவின் போதைக்குக் காரணம் டி.ஹெச்.சி. என்ற வேதிப்பொருள். இஸ்ரேலிய விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலமும் அவரின் சகா யெகியேல் கவோனியும் 1964-ல் இதைத் தனியாகப் பிரித்து, அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார்கள்.

இந்த டி.ஹெச்.சி. செடி முழுக்க ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. வேரிலும் விதையிலும் அநேகமாக இல்லை. தண்டில் மிகக் குறைவு, இலையில் கொஞ்சம். பெண் செடியின் பூங்கொத்தில்தான் அதிகம். அந்தப் பூவை பூதக்கண்ணாடியில் பார்த்தால், குண்டூசி போன்ற நுண்ணிய ரோமங்கள் தெரியும். ஒவ்வொன்றின் தலையிலும் பிசுபிசுவென்று ஒரு துளி பிசின். டி.ஹெச்.சி. சேர்ந்திருப்பது அந்தத் துளிக்குள்தான். கொஞ்சம் நுட்பமாகச் சொன்னால், பச்சைச் செடியில் இருப்பது டி.ஹெச்.சி.யின் அமில வடிவம். சூடு பட்டதும் அது போதை தரும் வடிவத்துக்கு மாறுகிறது.

ஆக, வீரியம் என்பது எளிய கணக்கு. கையில் இருக்கும் பொருளில் பிசின் எவ்வளவு, வெறும் செடிச் சக்கை எவ்வளவு என்பதுதான் அது.

கரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். கரும்பைக் கடித்துச் சாப்பிட்டால், கொஞ்ச நேரத்தில் தாடை வலித்துவிடும். அந்தச் சக்கையே நமக்கு ஒரு தடை. அதே கரும்பு வெல்லமாகி, பிறகு வெள்ளைச் சர்க்கரையாக வந்தால், பல துண்டுக் கரும்பின் இனிப்பு ஒரே கரண்டியில் உள்ளே போய்விடும். பூ, ஹஷிஷ், எண்ணெய் மூன்றுக்கும் உள்ள உறவும் இதுதான்.

பூ: காய்ந்த பூங்கொத்து. பெரும்பகுதி செடிச் சக்கைதான். அமெரிக்காவில் 1995-ல் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டி.ஹெச்.சி. சராசரியாக 4 சதவீதம். 2014-ல் அது சுமார் 12 சதவீதம். முன்பு இலை, தண்டு, விதை எல்லாம் கலந்து வந்தது. பின்னர், ஆண் செடிகளை அகற்றி, மகரந்தம் படாமல் பெண் செடிகளை மட்டும் வளர்ப்பது பரவியது. விதை பிடிக்காத பூ தன் சக்தியைப் பிசினுக்குச் செலவிடுகிறது. அதோடு, பிசின் அதிகமுள்ள ரகங்களையே தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள்.

ஹஷிஷ்: நம் நாட்டில் சரஸ் என்று சொல்வது இதைத்தான். பூவிலிருந்து பிசினை மட்டும் பிரித்துக் கட்டியாக்கியது. சக்கை போய்விடுவதால் வீரியம் கூடுகிறது. ஆனால், பெயரை வைத்து அளவைச் சொல்லிவிட முடியாது. செடித் தூளும் கலப்படமும் சேர்ந்தால் நல்ல பூவைவிடக் குறைந்த வீரியத்துடனும் இருக்கும். ஐரோப்பாவில் 2006-ல் ஹஷிஷின் சராசரி சுமார் 8 சதவீதம்தான். 2016-ல் சுமார் 17 சதவீதமாகிவிட்டது. பெயர் அதேதான், ஆனால் வீரியம் இரண்டு மடங்குக்கும் மேல்.

எண்ணெய்: ரசாயனக் கரைப்பான் மூலம் பிசினைக் கரைத்தெடுத்து, பிறகு கரைப்பானை நீக்கிவிட்டால் மிஞ்சும் சாறு. நார், பச்சையம் எல்லாம் கழிந்துபோவதால் 60, 80, சில நேரம் 90 சதவீதம் வரைகூட டி.ஹெச்.சி. இருக்கும். எளிதில் தீப்பற்றும் வாயுவைக் கரைப்பானாக வைத்து வீடுகளில் இதைச் செய்ய முயன்று, வெடித்துத் தீக்காயம் அடைந்தவர்கள் அமெரிக்காவில் பலர். 'எண்ணெய்' என்ற சொல்லிலும் குழப்பம் உண்டு. விதையை ஆட்டி எடுக்கும் எண்ணெயில் டி.ஹெச்.சி. அநேகமாக இருக்காது. அதுவும் இதுவும் ஒன்றல்ல.

அளவு ஒன்று, கணக்கு வேறு

வீரியம் மாறும்போது என்ன நடக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 2021-ல் ஒரு பொது அளவுகோலைக் கொண்டுவந்தது. ஆய்வுகளில் 5 மில்லிகிராம் டி.ஹெச்.சி.யை 'ஒரு யூனிட்' என்று குறிப்பிட வேண்டும் என்பதே அது.

ஒருவர் சுருட்டிப் புகைப்பதில் 0.3 கிராம் பூ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1995-ன் 4 சதவீதப் பூ என்றால், அதில் 12 மில்லிகிராம் டி.ஹெச்.சி., அதாவது இரண்டரை யூனிட்டுக்கும் சற்றுக் குறைவு. இன்றைய 20 சதவீதப் பூ என்றால் 60 மில்லிகிராம், 12 யூனிட். அதே நபர் 80 சதவீத எண்ணெயில் வெறும் 0.1 கிராம் எடுத்தால் 80 மில்லிகிராம், 16 யூனிட். எடை மூன்றில் ஒரு பங்குதான். ஆனால், பழைய பூவோடு ஒப்பிட்டால் டி.ஹெச்.சி. ஆறு மடங்குக்கும் மேல். இதில் ஒரு பகுதி எரிந்தும் புகையாகப் பறந்தும் வீணாகும். அதனால் முழுவதும் ரத்தத்துக்குப் போகாது. ஆனாலும், வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பது புரியும்.

கொலராடோ அரசின் விதியிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். பொதுவான வாடிக்கையாளர் ஒரே நாளில் 28 கிராம் பூ வாங்கலாம். செறிவான சாறு என்றால் 8 கிராம்தான். 20 சதவீதப் பூவில் 28 கிராமுக்கு 5.6 கிராம் டி.ஹெச்.சி. 70 சதவீதச் சாற்றில் 8 கிராமுக்கும் அதே 5.6 கிராம்தான். மருத்துவ அட்டை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் சாற்றின் வரம்பு 40 கிராமாக இருந்தது. 2021-ல் கொண்டுவந்த சட்டம் அதையும் 8 கிராமாகக் குறைத்தது. 18 முதல் 20 வயதுள்ளவர்களுக்கு 2 கிராம்தான்.

உடம்பு சொல்லும் பொய்

இப்போது வேனுக்குத் திரும்புவோம். செறிவான சாற்றைப் பயன்படுத்தியவர்களின் ரத்தத்தில் டி.ஹெச்.சி., பூவைப் புகைத்தவர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமாக இருந்தது. அப்படியென்றால் போதையும் இரண்டு மடங்கு இருக்க வேண்டுமல்லவா? இல்லை. 'எவ்வளவு போதை' என்று கேட்டபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள். ஞாபக சக்தியிலும் சமநிலையிலும் ஏற்பட்ட தடுமாற்றம்கூடப் பெரிதாக வேறுபடவில்லை.

இது நல்ல செய்திபோலத் தோன்றலாம். ஆனால், ஆய்வாளர்களின் கவலையே இதில்தான் தொடங்குகிறது. டி.ஹெச்.சி. மூளையில் சில குறிப்பிட்ட ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. ஏற்பிகள் எல்லாம் நிரம்பிவிட்டால் மேலே வருவது போதையாகத் தெரியாமல் போகலாம். தொடர்ந்து எடுக்கும்போது மூளை அந்த ஏற்பிகளின் எண்ணிக்கையையே குறைத்துக்கொள்கிறது. பிறகு பழைய அளவு போதாது. உடல் வாங்கும் அளவு ஏறிக்கொண்டே போனாலும், 'எப்போதும்போலத்தான் இருக்கிறது' என்று அவருக்குத் தோன்றும்.

இவர்கள் எல்லோரும் பழகியவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. புதிதாக ஒருவர் அதே எண்ணெயை எடுத்தால் கதை வேறு. நெஞ்சுப் படபடப்பு, கடுமையான பயம், வாந்தி, யாரோ துரத்துவதுபோன்ற சந்தேகம், இல்லாதது தெரிவது என அவசரச் சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடும்.

நீண்டகால ஆபத்துக்கும் வீரியத்துக்கும் உள்ள தொடர்பை 2019-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியது. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்த அந்த ஆய்வில், முதன்முறையாக மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்க்கு ஆளானவர்களையும் சாதாரண மக்களையும் ஒப்பிட்டார்கள். கஞ்சாவே தொடாதவர்களோடு ஒப்பிட்டால், தினமும் பயன்படுத்துபவர்களுக்கு அந்த நோய்க்கான வாய்ப்பு மூன்று மடங்கு. 10 சதவீதமோ அதற்கு மேலோ டி.ஹெச்.சி. உள்ள வகையைத் தினமும் பயன்படுத்துபவர்களுக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நோய் வருவதற்கு மரபணு உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. பயன்படுத்திய எல்லோருக்கும் வருவதுமில்லை. ஆனால், அந்த ஆய்வு 'அதிக வீரியம்' என்று வைத்த கோடு 10 சதவீதம்தான். போல்டர் வேனுக்கு வந்தவர்கள் பயன்படுத்திய பூ அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. சாறு ஏழு, ஒன்பது மடங்கில் நிற்கிறது.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

வடிவம் மாறினால் ஆபத்து மாறும் என்பதை இந்தியச் சட்டமும் கணக்கில் எடுத்திருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், கஞ்சா என்பது பூக்கும் நுனி. ஹஷிஷ், ஹஷிஷ் ஆயில் இரண்டும் சரஸ் என்ற தலைப்பில் வருகின்றன. கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. சரஸுக்கு அது 100 கிராம்தான். 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை தரக்கூடிய 'வணிக அளவு' கஞ்சாவுக்கு 20 கிலோ. சரஸுக்கு வெறும் ஒரு கிலோ. ஒரு சின்ன டப்பாவில் இருக்கும் எண்ணெய், ஒரு மூட்டைக் கஞ்சாவுக்குச் சமமான வழக்காகிவிடும்.

தெருவில் கைமாறும் பொருளில் லேபிள் கிடையாது. நிறத்தையோ வாசனையையோ வைத்துச் சதவீதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும். அதனால், வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று நிலைதடுமாறி, கஞ்சாவோ என்ற சந்தேகம் எழுந்தால், முதல் வேலை திட்டுவதல்ல, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவது. அங்கே டாக்டரிடம் 'கஞ்சா எடுத்திருக்கிறான்' என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. பூவா, கட்டியா, எண்ணெயா, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொருள் மிச்சம் இருந்தால் அதையும் காட்டலாம். 'கொஞ்சம்தான் எடுத்தேன்' என்று பிள்ளை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்தக் கொஞ்சத்துக்குள் எவ்வளவு இருந்தது என்பது அவனுக்கே தெரியாது.