இரு தாயர், ஒரு கட்டுரை

புறநானூற்றின் 278ஆம் பாட்டையும் 279ஆம் பாட்டையும் ஒப்பிடச் சொன்னால், இளங்கலை மாணவர் பலர் முதல் இரண்டு பக்கத்தில் ஒன்றின் கதையைச் சொல்வார்கள், அடுத்த இரண்டு பக்கத்தில் மற்றதன் கதையை. கடைசிப் பத்தியில் 'இரண்டும் தாயின் வீரத்தைப் பாடுகின்றன' என்ற ஒரு வரி வரும். இது இரண்டு பொழிப்புரைகளை ஒட்டிய தாள்தான். ஒப்பீடு இன்னும் தொடங்கவே இல்லை.

காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் பாட்டில், மகன் புறங்காட்டி ஓடினான் என்று பலர் சொல்லக் கேட்ட முதியவள், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பையே அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து கிடந்த மகனைக் கண்டதும், பெற்ற நாளைவிட அதிகமாக மகிழ்கிறாள். ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டில், முன்னொரு நாள் தமையனையும் (தந்தை என்று கொள்வோரும் உண்டு) நேற்றுக் கணவனையும் போரில் இழந்தவள், இன்று போர்ப்பறை கேட்டு, இருக்கும் ஒரே மகனின் குடுமிக்கு எண்ணெய் தடவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள்.

தாய், மகன், போர் என்பதெல்லாம் பொது. ஆகவே ஒற்றுமைக்கு ஒரு வாக்கியம் போதும். கட்டுரையைத் தாங்க ஒரு கேள்வி வேண்டும். நான் எடுப்பது இது: பாட்டு எந்த நேரத்தில் நிற்கிறது? ஒன்று போர் முடிந்த பின் நிற்கிறது, மற்றது போருக்கு முன். இதிலிருந்து மையக் கருத்தை ஒரே வாக்கியமாக எழுதலாம்: 'முதல் பாட்டு தாயின் ஐயத்தைத் தீர்த்து முடிகிறது, இரண்டாம் பாட்டு முடிவைச் சொல்லாமலே நிறுத்திவிடுகிறது.'

இனி ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு பாட்டும் வர வேண்டும். முதல் பத்தி காலம் பற்றியது. 279இல் முன்னொரு நாள், நேற்று, இன்று என்று இழப்பு நெருங்கி வருகிறது. நாளை என்ன ஆகும் என்பது பாட்டில் இல்லை. 278இல் வதந்தி, தேடல், கண்டடைதல் என நிகழ்ச்சி முழுமை பெறுகிறது. அடுத்த பத்தி, மதிப்பிடுவது யார் என்பது. 279இல் அவளைப் பார்க்கும் ஒருவர் தொடக்கத்திலேயே அவள் துணிவைக் கண்டு திகைக்கிறார். 278இல் அப்படி யாரும் வியக்கவில்லை, அவளுடைய மகிழ்ச்சியே இறுதியில் தீர்ப்பாகிறது. இரண்டாவது பத்தி முதலாவதிலிருந்து பிறப்பதைக் கவனியுங்கள்: முடிவு தெரியாத பாட்டுக்குத்தான் முன்கூட்டியே வியக்க ஒரு குரல் தேவைப்படுகிறது.

துறைக் குறிப்பைச் சான்றாக்கி நின்றுவிடுவது இன்னொரு பிழை. 278க்கு உவகைக்கலுழ்ச்சி, 279க்கு மூதின்முல்லை என்று எழுதுவது வகைப்பாடு மட்டுமே; சான்று பாட்டின் சொற்களிலிருந்து வர வேண்டும்.

எழுதி முடித்ததும் ஒரு பத்தியில் 278 பற்றிய வாக்கியங்களை மட்டும் அடித்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் தடையின்றிப் பொருள் தந்தால் அந்தப் பத்தியில் ஒப்பீடு இல்லை, திரும்ப எழுதுங்கள்.