கன்வெர்ட்டர் எதனால் சாகிறது?

1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அதோடு சேர்த்தே அந்த நகரங்களின் பங்க்குகளுக்கு ஈயம் கலக்காத பெட்ரோலும் வந்தது. ஒன்றில்லாமல் மற்றொன்றைக் கொண்டுவந்திருக்க முடியாது. சென்னையில் புதுக் கார் வாங்கி வெளியூர் கிளம்பியவர்கள்தான் திண்டாடினார்கள். வழியில் எல்லா பங்க்கிலும் ஈயமில்லாத பெட்ரோல் கிடைக்கவில்லை. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000 பிப்ரவரியில்தான்.

கன்வெர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் புகைக்குழாயில் பொருத்தியிருக்கும் ஒரு உலோகப் பெட்டி. உள்ளே பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். அதில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஆயிரக்கணக்கான நுண்துளைகள் ஓடும். துளைகளின் சுவரில் சொரசொரப்பான அலுமினா பூச்சு, அந்தப் பூச்சுக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம். மூன்றையும் சேர்த்தாலும் சில கிராம்தான்.

எஞ்சினிலிருந்து வரும் நச்சுகளில் மூன்றுதான் முக்கியம்: கார்பன் மோனாக்சைடு, சரியாக எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடுகள். முதல் இரண்டுக்கும் ஆக்சிஜன் போதவில்லை. மூன்றாவதில் தேவையில்லாத இடத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோடியத்தின் மேல் வந்து உட்காரும் நைட்ரஜன் ஆக்சைடு இரண்டாகப் பிரிகிறது. நைட்ரஜன் அணுக்கள் ஜோடி சேர்ந்து, நாம் மூச்சில் இழுக்கும் சாதாரண நைட்ரஜனாக வெளியேறுகின்றன. பிளாட்டினத்தின் மேலும் பல்லேடியத்தின் மேலும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது; எரியாத பெட்ரோல் நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. உலோகம் மட்டும் செலவாவதே இல்லை. அது வழிப்போக்கர்களுக்கான திண்ணை மாதிரி: வருகிறவர் உட்கார்ந்து, வந்த காரியம் முடிந்ததும் எழுந்து போய்விட வேண்டும். அடுத்தவருக்கு இடம் கிடைப்பது அப்படித்தான்.

இதற்குச் சூடு வேண்டும். சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை கன்வெர்ட்டர் அனேகமாகத் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். காலையில் வண்டியை எடுத்த முதல் சில நிமிடங்களில் நச்சு அதிகம் வெளியேறுவது அதனால்தான்.

ஈயம் எழுந்து போகாத ஆள். எஞ்சின் தட்டாமல் ஓட அந்தக் காலத்தில் அதைப் பெட்ரோலில் கலந்தார்கள். எரிந்த ஈயம் ஸ்பார்க் பிளக்கிலும் வால்விலும் படியக் கூடாது என்று, அதை ஆவியாக்கி வெளியே இழுத்துச் செல்லும் புரோமின், குளோரின் சேர்மங்களையும் கூடவே சேர்த்தார்கள். எஞ்சின் பிழைத்தது. ஆனால் ஈயம் நேராகக் கன்வெர்ட்டரில் போய் இறங்கியது. லிட்டருக்கு 0.15 கிராம் என்று வைத்தால்கூட, 35 லிட்டர் டேங்க் ஒன்றில் 5 கிராமுக்கு மேல் ஈயம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி தங்கினாலே போதும், சில கிராம் உலோகத்தின் மேல்பரப்பை மூடிவிடும். தவறிப்போய் ஒரு தடவை போட்டிருந்தால், பிறகு ஈயமில்லாத பெட்ரோலில் ஓட ஓட ஓரளவு தேறும். தொடர்ந்து போட்டால் மீட்சி இல்லை.

இன்று பங்க்கில் ஈயம் இல்லை. அதன் இடத்தை எஞ்சின் ஆயில் பிடித்திருக்கிறது. தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் பாஸ்பரஸும் துத்தநாகமும் உள்ள ஒரு சேர்மம் கலந்திருக்கும். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்தால் ஆயில் எரிவறைக்குள் கசிந்து பெட்ரோலோடு எரிகிறது. அந்தப் பாஸ்பரஸ் கன்வெர்ட்டரின் முன்பக்கத்தில் கண்ணாடிப் பூச்சு போலப் படிந்து துளைச் சுவர்களை அடைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய கார் ஆயில்கள் பலவற்றில் எடையில் சுமார் 0.08 சதவீதம் பாஸ்பரஸ். லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 கிராம். 2,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிற வண்டி 40,000 கிலோமீட்டர் ஓடினால் 20 லிட்டர் எரித்திருக்கும். அதாவது 14 கிராம் பாஸ்பரஸ். எல்லாமே படியாது என்றாலும், உள்ளே இருக்கும் விலையுயர்ந்த உலோகத்தைவிட இது பல மடங்கு அதிகம். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் எரிக்கும் நல்ல எஞ்சினில் இதே தூரத்துக்கு 3 கிராம்கூட வராது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வந்தால் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் உள்ள கார்களில், வேலை குறைந்ததும் எஞ்சின் விளக்கு எரியும். மெக்கானிக்கின் ஸ்கேனரில் P0420 என்று காட்டும். அப்போது கன்வெர்ட்டரை மட்டும் மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். முதலில் ஆயில் எங்கே போகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புதிதாகப் போடும் கன்வெர்ட்டரும் அதே ஆயிலில்தான் பாழாகும்.